கார்டைத் தேய்த்தால் மெஷின் ஏன் முறைக்கிறது?

கார்டு மெஷினுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செருகுவது, டேப் செய்வது, தேய்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"தேய்த்த உடனே 'சிப்பைச் செருகு' என்கிறது. சிப் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? கேமராவா வைத்திருக்கிறது?"

கேமரா எதுவும் இல்லை. காட்டிக்கொடுப்பது காந்தப் பட்டையேதான். சோதனைக்காகவே உள்ள ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். பட்டையில் மெஷின் படிக்கும் வரி இப்படி இருக்கும்:

```
;4111111111111111=30122010000012345?
```

சமக்குறிக்கு முன்னால் இருப்பது கார்டு எண். பின்னால் வரும் 3012 என்றால் 2030 டிசம்பரில் காலாவதி. அதற்கடுத்த மூன்று இலக்கங்கள், இங்கே 201, அதுதான் சர்வீஸ் கோடு. அதன் முதல் இலக்கம் 2 அல்லது 6 என்றால் 'இந்தக் கார்டில் சிப் உண்டு' என்று பொருள். 1 அல்லது 5 என்றால் சிப் இல்லை. சிப் படிக்கத் தெரிந்த மெஷின் 2ஐப் பார்த்ததும் தேய்த்ததைக் கீழே போட்டுவிட்டுச் செருகச் சொல்கிறது.

தொகையை அடித்தபின் மெஷின் மூன்று வாசலையும் திறந்துவைத்துக் காத்திருக்கும். செருகினாலோ டேப் செய்தாலோ அப்படியே வேலையைத் தொடங்கிவிடும். தேய்த்து வருபவரிடம் மட்டும்தான் 'உன்னிடம் சிப் இல்லையா?' என்று விசாரணை.

"டேப் என்பது பட்டையில் உள்ளதையே காற்றில் அனுப்புவதுதானே? தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான், இரண்டுமே ஆபத்து."

பாதி சரி. ஆரம்பகால டேப் கார்டுகள் சிலவற்றில், பட்டையின் வரியைப் போலவே வேஷம் கட்டி அனுப்பும் முறை இருந்தது. அதிலும் ஒவ்வொரு முறையும் மாறும் ஓர் எண் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்றைய டேப்பில் பேசுவது அதே சிப்தான். தங்க நிறத் தகடு வழியாகப் பேசாமல், கார்டுக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் வழியாகப் பேசுகிறது, அவ்வளவுதான். மெஷின் முதலில் `2PAY.SYS.DDF01` என்ற பெயரைச் சொல்லி அழைக்கும். செருகினால் பொதுவாக `1PAY.SYS.DDF01`. பிறகு தொகை, தேதி, மெஷின் கொடுத்த ஒரு தற்செயல் எண் எல்லாவற்றையும் சேர்த்து, தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் சிப் ஒரு முத்திரை போட்டுத் தருகிறது. அடுத்த முறை அந்த முத்திரை வேறு. பட்டையோ பத்து வருடமானாலும் அதே வரியைத்தான் ஒப்பிக்கும். ஒருமுறை காதில் விழுந்தால் யார் வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லலாம்.

"அப்படியென்றால் தேய்த்தால் ஓடிபி ஏன் வருவதில்லை? அது வந்தால் பிரச்சினை தீர்ந்ததே?"

அது இணையத்தில் வாங்கும்போது வரும் விஷயம். கடை மெஷினில் அந்த இடத்தை பின் எண் பிடித்துக்கொள்கிறது. நாம் பேசுவது, கார்டே அசலா என்பதைப் பற்றி.

"நான் கல்லாவில் நிற்பவன். சில கார்டுகளை மூன்று தடவை செருகி எர்ரர் வந்த பிறகுதான் தேய்க்க விடுகிறது. வரிசை நிற்கிறது சார், முதல் தடவையே விட்டால் என்ன?"

உங்கள் எரிச்சல் புரிகிறது. செருகியதும் மெஷின் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பும். சில பத்து மில்லி நொடிக்குள் சிப் பதில் சொல்ல வேண்டும். தகட்டில் அழுக்கு இருந்தாலும் பதில் வராது, கார்டைத் தலைகீழாகச் செருகினாலும் வராது. மெஷினுக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். அதனால்தான் மறுபடி செருகச் சொல்கிறது. எத்தனை தடவை என்பது மெஷினைக் கொடுத்த வங்கி வைத்த அமைப்பு. ஒரே தடவையில் விட்டுவிடும் மெஷின்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்படிக் கடைசியாகத் தேய்க்கும்போது அது ரகசியமாக நடப்பதில்லை. மாஸ்டர்கார்டில், சாதாரணமாகத் தேய்த்தால் வங்கிக்குப் போகும் செய்தியில் 90 என்று இருக்கும். சிப் தோற்றுத் தேய்த்தால் 80. 80ஐப் பார்த்ததும் கார்டு கொடுத்த வங்கி கூடுதலாகச் சந்தேகப்படும், பல நேரம் நேராக மறுத்துவிடும். சிப்பை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு என்பது அதற்குத் தெரியும்.

சிப் பேசி, வங்கி 'மாட்டேன்' என்றால் அது வேறு கதை. அது எர்ரர் இல்லை, பதில். அதன்பின் தேய்க்கும் வாசல் திறக்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு யோசனை: தேய்க்கும் முன் டேப் செய்து பாருங்கள். தகடு தேய்ந்திருந்தாலும் உள்ளே சிப் நன்றாக இருக்கலாம். அப்புறம், எல்லாக் கார்டும் தகராறு செய்தால் குற்றம் மெஷினின் செருகு வாயில்; ஒரே கார்டு மட்டும் என்றால் அந்தக் கார்டில்.

"பட்டையை எழுதும் கருவி கிடைக்கிறது. 201ஐ 101 ஆக மாற்றி எழுதிவிட்டால் மெஷின் ஏமாந்துவிடுமே? நானும் இந்தத் துறைதான், சும்மா கேட்கவில்லை."

மெஷின் ஏமாறும், உண்மை. சிப் இல்லாத கார்டு என்று நம்பி 90 என்றே அனுப்பிவிடும். ஆனால் பட்டையின் வால் பகுதியில் மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறதே, சிவிவி, அதைக் கணக்கிடும்போது கார்டு எண், காலாவதி, சர்வீஸ் கோடு மூன்றையும் சேர்த்துத்தான் வங்கி தன் சாவியால் கணக்கிடுகிறது. 101 என்று மாற்றினால் வங்கி 101ஐ வைத்துக் கணக்கிடும், பட்டையில் இருப்பதோ 201க்கான எண். இரண்டும் ஒட்டாது. புது எண்ணைத் திருடன் கணக்கிட வங்கியின் சாவி வேண்டும்.

சிப்பிலிருந்து தரவை உருவி வெறும் பட்டையில் எழுதினாலும் இதே கதிதான். சிப்புக்குள் இருக்கும் சரிபார்ப்பு எண்ணை 999 என்ற சர்வீஸ் கோடு வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள்.

"வங்கி அதைச் சரிபார்க்காமல் விட்டால்?"

விட்டால் போச்சு. எழுதப்பட்ட விதி ஒன்று, ஒவ்வொரு வங்கியின் கணினியும் அதைச் செய்கிறதா என்பது வேறொன்று. உங்கள் துறைக்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

"சின்னத் தொகைக்கு டேப் செய்தாலும் சில நேரம் INSERT CARD என்கிறது. ஏன்?"

தொகை வரம்பைத் தாண்டியிருந்தால் மெஷின் டேப்பைத் தொடங்கவே செய்யாது. சின்னத் தொகை என்றால், பின் எண் கேட்காமலே பல டேப் ஆகிவிட்டன, ஒருமுறை செருகட்டும் என்று கார்டோ வங்கியோ கேட்டிருக்கலாம். பர்ஸோடு வைத்து இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பம்தான், ஆனால் அதற்கு ஒரே கார்டைக் காட்டச் சொல்லிச் செய்தி வர வேண்டும். உங்களுடையது எது என்று திரையை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

"இவ்வளவு தொல்லை என்றால் பட்டையை எடுத்துவிட வேண்டியதுதானே? நானே சுரண்டிவிடட்டுமா?"

எடுக்கத்தான் போகிறார்கள். 2029க்குப் பிறகு தன் புது கிரெடிட், டெபிட் கார்டுகளில் பட்டை இருக்காது, 2033ல் அவற்றில் எதிலுமே இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2021லேயே அறிவித்துவிட்டது. நீங்களே சுரண்டினால் கடையில் சிப்பும் டேப்பும் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் சில ஏடிஎம்கள், உள்ளே வருவது கார்டுதானா என்று வாயிலேயே பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அங்கே உங்கள் கார்டு வெளியிலேயே நிற்கும்.