பயிற்சி முடிய குதிக்கால் நோவு

"மகனுக்கு 11 வயது. உதைபந்தாட்டப் பயிற்சி முடிஞ்சு வந்தால் குதிக்கால் நோகுதெண்டு கெந்துறான். காலமை சுகம். விளையாட்டை நிப்பாட்டவோ?"

முழுக்க நிப்பாட்டத் தேவையில்லை. கெந்துற அளவுக்கு நோ வந்தால் அண்டைக்கு ஓட்டத்தையும் பாய்ச்சலையும் விடட்டும்.

அனேகமாக வளர்ச்சித்தட்டு, அதாவது எலும்பு வளருற இடத்தில வாற நோதான். இந்த வயதில குதி எலும்பின்ர பின்பக்கத்தில இருக்கிற அந்தத் தட்டு இன்னும் இறுகேல்லை. எலும்பு கெதியா நீளேக்க கெண்டைத் தசை இறுகி, அதைக் குதியோட இணைக்கிற குதிநாண் ஒவ்வொரு அடிக்கும் அந்த இடத்தை இழுக்கும். காய்ஞ்சு இறுகின மைதானத்தில, அடி மெல்லிய பூட்ஸோட ஓடினால் இன்னும் மோசம்.

குதியை இரண்டு பக்கத்தாலயும் உள்ளங்கையால அமத்திப் பாருங்கோ. அதே நோ வந்தால் இதுவாத்தான் இருக்கும். எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது.

இரண்டு சப்பாத்துக்குள்ளயும் ஒரு சென்ரிமீற்றர் அளவு குதி மெத்தை வையுங்கோ. ஒண்டுக்குள்ள மட்டும் வைச்சால் நடை சரியும். வீட்டுச் சீமெந்து நிலத்திலயும் மெத்தையான செருப்புப் போடட்டும். பயிற்சி முடிய, துணி சுத்தின ஐஸ் 10 - 15 நிமிசம். கெண்டை நீட்டலை நோகாத அளவுக்கு, 30 செக்கன் பிடிச்சு மூண்டு தரம் செய்யட்டும். இறுக்கி நீட்டினால் அந்த இழுவைதான் கூடும்.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், இரவில எழுப்புற நோ, அடிபட்டு கால் ஊண்டேலாமை இருந்தால் காத்திராமல் வைத்தியரிட்டக் காட்டுங்கோ.