லீவுப் படிவத்தில் யார் கையெழுத்து?

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 29. எங்கள் பிரிவில் ஒரு பிள்ளையோடு கொஞ்சம் பகிடியாகக் கதைப்பேன். ஒருநாளும் ஆபாசமாகக் கதைத்ததில்லை. "உங்கட தேத்தண்ணிக்குச் சீனி தேவையில்லை" என்றால் சிரிப்பா. நல்லூர்த் தேரன்று சேலையில் கண்டு, வடிவாக இருக்கிறீர்கள் என்றேன். அதற்கும் சிரித்தா. இப்போது என்ன கேட்டாலும் "ஓம் சேர்", "இல்லை சேர்" மட்டும்தான். அவவின் லீவுப் படிவத்தில் நான்தான் கையெழுத்து வைக்கிறது, அதிலும் கஷ்டம் கொடுத்ததில்லை. மற்றப் பெடியளோடு மட்டும் கலகலவென்று கதைக்கிறா. நான் ஒரு கெட்ட சொல் கதைக்கவில்லையே! பிடிக்காவிட்டால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தானே?
— வாசகர், யாழ்ப்பாணம்

தம்பி, போகிற போக்கில் லீவுப் படிவம் பற்றி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றைக்கே சொல்வதென்றால் யாரிடம் சொல்வது? அடுத்த கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக யாரிடம் லீவு கேட்க வேண்டுமோ, அவரிடமா? மற்றப் பெடியளிடம் "சும்மா இரு" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். உங்களிடம் அவவால் சிரிக்கத்தான் முடியும். அந்தச் சிரிப்பை வைத்து விருப்பத்தை அளக்காதீர்கள்.

அதிகாரம் இல்லாத இடத்திலேயே இது பிழைத்துப்போகிறது. 1982இல் அன்டோனியா ஆபி என்ற அமெரிக்க உளவியலாளர், முன்பின் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் 5 நிமிடம் கதைக்கவிட்டு, அதை வேறு ஆண்களையும் பெண்களையும் கவனிக்க வைத்தார். அந்தப் பெண்ணின் சாதாரண நட்பில், பெண்கள் கண்டதைவிடக் கூடுதலான கவர்ச்சி நோக்கத்தை ஆண்கள் கண்டார்கள்.

பிடித்த பகிடி என்றால் திரும்பி வரும். "அப்ப உங்கட பங்குச் சீனியையும் நான் எடுக்கவோ?" என்று கேட்டிருப்பா. அடுத்தநாள் நீங்கள் வாய் திறக்க முதல் அவவே ஏதாவது சொல்லிச் சீண்டியிருப்பா. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கதையையும் நீங்களே தொடங்கியிருக்கிறீர்கள், அவ சிரிப்போடு முடித்திருக்கிறா. தேத்தண்ணிப் பகிடி தன்னளவில் மென்மையானதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ இருக்கும் இடத்திலிருந்து சொல்லக்கூடிய "வேண்டாம்" அந்த "ஓம் சேர்"தான். அதை அவ மரியாதையாகச் சொல்லிவிட்டா. உங்களுக்குக் கோபம் வர அதில் ஒன்றுமில்லை.

சரி, இனிப் பகிடியை நிறுத்துங்கள். முகத்தை நீட்டிக்கொண்டு திரியாமல் வேலைக் கதையை வழமைபோலக் கதையுங்கள். முடிந்தால் அவவின் லீவைப் பார்க்கிற பொறுப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன்பிறகு அவவாக வந்து, வேலைக்குத் தேவையில்லாத ஒரு கதையைத் தொடங்கினால் நீங்களும் கதைக்கலாம். வராவிட்டால், "ஏன் முந்தி மாதிரிக் கதைக்கிறேல்லை?" என்று கேட்டுப் பின்னால் போகாதீர்கள்.