ஓ பாசிட்டிவ் கார்டு, ஆனால் ஓ ரத்தம் சேரவில்லை

“அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ். ஆபரேஷனுக்கு எடுத்த நாலு ஓ பாசிட்டிவ் பையும், ஏற்றுவதற்கு முன் அப்பா ரத்தத்தோடு கலந்து பார்க்கும் கிராஸ்மேட்சில் சேரவில்லையாம். கார்டு தப்பா?”

தப்பாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால், அதனால் உருவான வேறு எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம். அதுதான் அதிகம் நடப்பது. ஆனால் நாலும் சேரவில்லை என்றால் பாம்பே குரூப்பா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மும்பையில் டாக்டர் பெண்டே குழு 1952-இல் கண்டறிந்த அரிய ரத்த வகை அது.

சிவப்பணுவின் மேல் ‘ஹெச்’ என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கும். அதன் நுனியில் இன்னொரு சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி. எதுவும் ஒட்டாமல் ஹெச் மட்டும் நின்றால் ஓ. எதை ஒட்டுவது என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபணு. நம்மிடம் இல்லாததை உடம்பு அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பொருள் வைத்திருக்கும்.

பாம்பே குரூப்பில் ஹெச்சே கிடையாது. வழக்கமான சோதனை ஏ, பி இரண்டையும்தான் தேடும்; இரண்டும் இல்லாததால் ஓ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அவர் பிளாஸ்மாவில் ஹெச்சுக்கும் எதிர்ப்பொருள் உண்டு. ஓ அணுக்களில் ஹெச் நிறைய. ஏற்றினால் அணுக்கள் உடைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். கிராஸ்மேட்சில் தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

ரத்த வங்கியில் ‘ஆன்டி ஹெச் லெக்டின்’ சோதனை கேளுங்கள். சாதாரண ஓ அணு அதில் திரளும், பாம்பே அணு திரளாது. உறுதியானால் அப்பாவுக்குப் பாம்பே ரத்தம்தான் ஏற்ற வேண்டும்; அதனால் அவர் உடன்பிறந்தவர்களை முதலில் சோதியுங்கள்; ஒவ்வொருவருக்கும் அதே வகை இருக்கக் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், உடல்நிலை இடம்கொடுத்தால், அப்பாவின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.