நூறு நாள் வரைதல்: கேட்டவர்களுக்குப் பதில்

ரங்கூனிலிருந்து நடத்தும் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். நூறு நாள், தினமும் ஒரு படம் வரைந்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஜனவரி 1 அன்று தொடங்கினால் நூறாவது நாள் ஏப்ரல் 10, லீப் ஆண்டில் ஏப்ரல் 9. தண்ணீர்த் திருவிழாவில் நோட்டு நனைவதற்கு முன்பே முடிந்துவிடும். இது எங்கள் இரண்டாவது சுற்று. வாரத் தொகுப்பு அனுப்பும் வேலை என்னுடையது.

தாம்வே தம்பி: அண்ணா, போட்டோவில் தாள் சாம்பலாகத் தெரிகிறது. அழுத்தித் தேய்த்த கறுப்பு இடம் வெள்ளையாகப் பளபளக்கிறது. ஃபிளாஷ் போட்டால் தாள் வெள்ளையாகிறதே, அதுவே போதும்தானே?

தாளுக்குப் போதும், கறுப்புக்கு ஆகாது. பென்சில் கரியை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஃபிளாஷ் நேரே பட்டு நேரே கேமராவுக்குத் திரும்பி வருகிறது. ஜன்னல் பக்கத்தில், வெளிச்சம் தாளின் ஒரு ஓரத்திலிருந்து சரிந்து விழும்படி வையுங்கள். அப்படியும் பளபளத்தால் தாளைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறு. போன் கேமரா எதையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். வெள்ளைத் தாளையும் இறக்கிவிடும். திரையில் தாள்மேல் ஒரு தடவை தொட்டால், பெரும்பாலான போன்களில் சின்னச் சூரியன் ஒன்று வரும். அதை மெதுவாக மேலே தள்ளுங்கள். மெல்லிய கோடுகள் மறையத் தொடங்கினால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். போனை இரண்டடி உயரத்தில், தாளுக்கு நேராகப் பிடித்து எடுத்துவிட்டு, அப்புறம் ஓரத்தை வெட்டலாம். கிட்டே போனால் உங்கள் கை நிழலே படத்தில் விழும்.

பெகு ஆசிரியர்: 23, 24 இரண்டு நாளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைந்தேன். கரன்ட் வந்து 25 அன்றுதான் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். நாலாவது வாரத் தொகுப்பில் 5/7 என்று போட்டுவிட்டீர்கள். நியாயமா?

நியாயமில்லை, சார். படம் வந்த தேதியைப் பார்த்து எண்ணியது என் தவறு. முதல் சுற்றிலும் அப்படித்தான் எண்ணி, ஒரு அக்காவுக்கு மூன்று நாளைக் குறைத்துவிட்டேன். அவர் அடுத்த வாரமே நின்றுவிட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது வரையத் தொடங்கும் முன்பே தாளின் வலது கீழ் மூலையில் நாள் எண்ணை எழுதச் சொல்கிறேன். போட்டோவில் அந்த எண் தெரிய வேண்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் பெயர்கள், மேலே 22 முதல் 28 வரை ஏழு கட்டம். எந்த நாளில் வந்தாலும் தாளில் உள்ள எண்ணுக்கு நேரே டிக். உங்களுக்கு 7/7, பக்கத்தில் ‘2 தாமதம்’. விட்டுப்போன நாளின் கட்டம் காலியாகவே இருக்கும்; மறுநாள் இரண்டு வரைந்து அதை நிரப்பக் கூடாது. நிரப்ப விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏழு படம் வந்து நிற்கும்.

லத்தா வட்டார அண்ணாச்சி: அன்றன்றைக்கு அனுப்பாவிட்டால் அது தினசரியே இல்லை. எண்ணை யாரும் எப்போதும் எழுதலாமே?

எழுதலாம்தான், அதை மறுக்க முடியாது. கரன்ட் போகிற ஊரில் இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்பது என் முடிவு. அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மோல்மீன் அக்கா: நான் தினமும் வாசலில் கோலம் போடுகிறேன் தம்பி. போட்டியில் எனக்குப் பரிசு உண்டா?

பரிசு ஒன்றும் இல்லை அக்கா, ஆனால் கோலம் தாராளமாக எண்ணிக்கையில் சேரும். போட்டு முடித்ததும், யாரும் மிதிக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். நாள் எண்ணைக் கோலமாவாலேயே ஓரத்தில் போடுங்கள். காலை வெயில் சாய்ந்து அடிக்கும்போது மாவின் மேடு நன்றாகத் தெரியும். மெழுகிய ஈரத் தரை காய்ந்துவிட்டால் வெள்ளை எடுபடாது, அதனால் தாமதிக்க வேண்டாம்.

ரங்கூன் அம்மா: என் மகள் டர்பனில் இருக்கிறாள். வேலை முடிந்து வரைந்தால் இங்கே மறுநாள் ஆகிவிடுகிறது.

இங்கே நள்ளிரவு 12 என்றால் அங்கே மாலை 7.30தான். அவரவர் ஊர் நாள்தான் கணக்கு. அதனால்தான் ஏழாம் நாள் இரவே தொகுப்பை அனுப்பாமல் மறுநாள் மதியம் அனுப்புகிறேன்.

பெகு ஆசிரியர்: பன்னிரண்டு பேர், ஏழு நாள், 84 படம். எல்லாவற்றையும் எப்படி ஒரே செய்தியில் போடுவது?

போடக் கூடாது சார், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒன்று, அதையும் வரைந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்த வாரங்களில் அழகான படம் மட்டுமே வந்தது. அவர்கள் எடுக்கும்போது கஷ்டப்பட்ட படம் வருகிறது. பெயர் வரிசை எல்லா வாரமும் ஒன்றே, எண்ணிக்கைப்படி மாற்றுவதில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: ‘நாள் 26, டீக்கடைக் கெட்டில், மூக்கு சேரும் இடம் மூன்று தடவை அழித்தது, 6/7.’

பதினாலு தொகுப்பில் 98 நாள் முடிந்துவிடும். மிச்சம் இரண்டு. பதினாலாவது செய்தியிலேயே, முதல் நாள் வரைந்த அதே பொருளை எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன். நூறாம் நாள் அதையே திரும்ப வரைந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவாக எடுக்க வேண்டும். அதனால் முதல் நாள் தாளைத் தயவுசெய்து யாரும் கிழித்துவிடாதீர்கள்.