வினைச்சொல்லில் நிமிருங்கள்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பிள்ளைகளுக்கான இயற்பியல் பாடங்களை மடிக்கணினியின் கேமரா முன் பேசிப் பதிவு செய்கிறேன். முன்பு குறிப்புகளைப் பக்கத்துத் திரையில் வைத்திருந்தேன். “யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். இப்போது அதே திரையில் கேமராவுக்கு நேர் கீழே குறிப்புகளைத் திறந்து வைத்துப் படிக்கிறேன். அப்படியும் படிப்பது தெரிகிறது. எந்த மென்பொருள் நல்லது, எழுத்தை எந்த அளவில் வைக்க வேண்டும், எங்கேதான் பிழை என்று சொல்வீர்களா?

வ.

அன்புள்ள வ.,

அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் மரியாதைக்காக விழுங்கிவிடும் கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

மென்பொருளை விடுங்கள். கணினியோடு வந்த நோட்பேட் போன்ற வெற்று எழுத்துச் செயலியே போதும். எழுத்தின் அளவுக்கும் யாரையும் கேட்க வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் அதுதான் அளவு.

பிழை கோணத்தில் இருக்கிறது. ஒளிவிலகல் நடத்தும் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் மில்டன் சென் என்ற ஆய்வாளர் 2002இல் காணொளி உரையாடலில் கண் சந்திப்பைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பேசுபவரின் பார்வை லென்ஸுக்குக் கீழே ஏறத்தாழ 5 டிகிரி வரை தாழ்ந்தாலும், பார்ப்பவர் அதைத் தன்னை நோக்கிய பார்வையாகவே எடுத்துக்கொள்கிறார். பக்கவாட்டிலோ மேலேயோ ஒரு டிகிரி அளவுக்கு விலகினாலே கண்டுபிடித்துவிடுகிறார். கீழ்நோக்கி மட்டும் நமக்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு.

உங்கள் முகம் திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 டிகிரி, லென்ஸுக்குக் கீழே சுமார் 5 செ.மீ.தான். சன்னலின் தலைப்புப் பட்டையும் மெனுவும் அதில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தில் இரண்டு மூன்று வரி நிற்கும். நீங்களோ முதல் வரியை லென்ஸுக்குக் கீழே வைத்துவிட்டுப் பத்தாவது வரிவரை கண்ணால் இறங்கிப் போயிருப்பீர்கள். கண் இறங்கக் கூடாது, எழுத்துதான் மேலே ஏறி வர வேண்டும். சன்னலை மூன்று வரி உயரத்துக்குச் சுருக்கி மேல்விளிம்போடு ஒட்டிவையுங்கள். கீழ்நோக்கு அம்புக்குறி விசையால் வரிகளை நகர்த்துங்கள். தானாக உருளும் ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. அது ஓடும் வேகத்துக்கு நாம் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் செங்குத்துக் கணக்கு. உங்களைக் காட்டிக்கொடுப்பது அகலம். குறிப்புகளைத் திரை முழுக்க விரித்திருந்தால் கண்கள் நடுவிலிருந்து இருபுறமும் சுமார் 17 செ.மீ. போய்வர வேண்டும். 60 செ.மீ. தூரத்தில் அது பக்கத்துக்கு 16 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. தறியில் நாடா ஓடுவதுபோல் கருவிழி ஓடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சன்னலை 6 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கி, லென்ஸுக்கு நேர் கீழே நடுவில் வையுங்கள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி 80 செ.மீ. தூரத்தில் உட்காருங்கள். பக்கவாட்டு ஓட்டம் இருபுறமும் 2 டிகிரியை ஒட்டி வந்துவிடும். கீழ்நோக்கிய 5 டிகிரியும் இப்போது 7 செ.மீ. இடம் தரும். தொலைக்காட்சி நிலையங்களில் சாய்ந்த கண்ணாடியில் எழுத்தைக் காட்டி, அதன் பின்னால் லென்ஸை வைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைப் பற்றி எல்லோரும் வியக்கிறார்கள். அந்தக் கேமரா வாசிப்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கோணத்தைச் சின்னதாக்குவது அந்தத் தூரம்தான்.

இவ்வளவும் செய்தாலும் 2 டிகிரி மிச்சம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடமே அதுதான். படிப்பது துளியும் தெரியக் கூடாது, பார்வை லென்ஸிலிருந்து அசையவே கூடாது என்ற ஆசை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நேரில் யாராவது அப்படிப் பேசுகிறார்களா? இமைக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு ஒருவர் பத்து நிமிடம் பேசினால் எழுந்து போய்விடுவீர்கள். இருவர் பேசும்போது கண்கள் என்ன செய்கின்றன என்று ஆடம் கெண்டன் 1967இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. நீண்ட பேச்சைத் தொடங்கும்போது பேசுபவர் பார்வையை விலக்கிக்கொள்கிறார். முடிக்கும் தறுவாயில் கேட்பவரின் முகத்துக்குத் திரும்புகிறார். அதாவது கண் விலகுவதற்கு ஓர் இடமும் வந்து சேர்வதற்கு ஓர் இடமும் இருக்கின்றன. குறிப்பைப் பார்த்துப் படிப்பவர் இவற்றைத் தலைகீழாக்கிவிடுகிறார். வாக்கியத்தின் தொடக்கத்தில் லென்ஸைப் பார்க்கிறார், முடிவு மறந்துபோவதால் முடிவில் குனிகிறார்.

தாளை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் செய்தி வாசித்த நண்பர் ஒருவர் எனக்கு இருந்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி இரண்டு மூன்று சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருப்பார். வாய் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே கண் அந்தக் கோட்டை எட்டி, சொற்களை எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிடும். அவர் குனிந்து படித்தார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால், அவர் தன்னைப் பார்த்துப் பேசவில்லை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. “நம்முடைய மொழியில் கடைசிச் சொல்லில்தானே எல்லாம் இருக்கிறது, அங்கே தலையைக் குனிந்தால் திருடன் மாதிரி இருக்கும்” என்பார். அவரிடம் இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்னது சரி. வந்தாரா வரவில்லையா, கூடுமா குறையுமா என்பது நமக்கு வினைச்சொல் வந்தால்தான் தெரியும். கேட்பவர் அதுவரை காத்திருக்கிறார். அந்தச் சொல்லில் உங்கள் கண் அவரிடம் இருக்க வேண்டும். ஆகவே குறிப்பை வரி உடையும் இடம் பார்த்து எழுதுங்கள். மென்பொருள் தானாக மடக்கினால் வினைச்சொல்லை முந்தைய சொல்லிலிருந்து பிரித்து அடுத்த வரியில் போட்டுவிடக்கூடும். நீங்களே இப்படி உடையுங்கள்:

ஒளி காற்றிலிருந்து
தண்ணீருக்குள் சாய்ந்து நுழையும்போது
வேகம் குறைந்து
திசை மாறுகிறது.

இரண்டாவது வரி 6 செ.மீ.க்குள் அடங்காவிட்டால் அதையும் உடைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரிகளைத் தயங்காமல் பார்த்துப் படிக்கலாம். மூன்றாவது வரியைச் சொல்லும்போதே கண் நான்காவதை எடுத்துக்கொள்ளட்டும். “திசை மாறுகிறது” என்பதை லென்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஒரு நொடி அங்கேயே இருந்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு இறங்குங்கள். தமிழ் எழுத்தில் ‘கொண்டிருக்கின்றன’ போன்ற நீளமான சொற்கள் குறுகிய சன்னலில் அடங்காது. அடங்காத சொல்லைப் பேச்சிலும் குறைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளும் உங்களை வாழ்த்துவார்கள்.

சரியாக வந்ததா என்று உங்கள் முகம் தெரியும் முன்னோட்டச் சன்னலில் பார்க்காதீர்கள், அதைப் பார்க்கும் கணமே பார்வை லென்ஸை விட்டுப் போய்விடும். ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒலியை அடைத்துவிட்டு ஓடவிடுங்கள். கருவிழி பக்கவாட்டில் துள்ளினால் சன்னல் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. இமை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் வரிகளை நகர்த்த மறக்கிறீர்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் வெள்ளைச் சன்னல் அதில் கட்டமாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்துக்கு மாற்றுங்கள்.

கைபேசியில் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் ஒன்று: அதைப் படுக்கவைத்ததும் லென்ஸ் பக்கவாட்டு விளிம்புக்குப் போய்விடும். குறிப்பையும் அந்த விளிம்புக்கே நகர்த்த வேண்டும், நடுவில் விட்டுவைக்கக் கூடாது.