லிமிட் போட்டும் டேட்டா தீர்ந்துபோவது ஏன்?

"எங்கள் வீட்டில் ஒரே ஃபேமிலி பிளான், நாலு சிம். மாதம் 75 ஜிபி பொதுவில். ஆப்பில் மகனுக்கு 30, மகளுக்கு 30, மனைவிக்கு 15 என்று லிமிட் போட்டிருக்கிறேன். யாருமே லிமிட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் பில் தேதிக்குப் பத்து நாள் முன்பே எனக்கு நெட் நின்றுவிட்டது. எப்படி?"

நீங்கள் போட்ட மூன்று எண்களையும் கூட்டிப் பாருங்கள்: 30, 30, 15. அதுவே 75 ஆகிவிட்டது. உங்களுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

லிமிட் போட்டால் அவரவர் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'இதற்கு மேல் எடுக்காதே' என்பது மட்டும்தான் லிமிட். டேட்டா இருப்பது ஒரே தொட்டியில். நாலு குழாயும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. இருபதாம் நாளில் மகன் 28, மகள் 26, மனைவி 11, நீங்கள் 10 ஜிபி பயன்படுத்தியிருந்தால் கணக்கு சரியாக 75. ஒருவரும் லிமிட்டைத் தொடவில்லை, தொட்டி மட்டும் காலி. மெயின் நம்பர் உங்களுடையது என்பதால் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். பில் உங்கள் பெயரில் வரும், அவ்வளவுதான்.

ஆகவே கணக்கை உங்களிடமிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு மாதம் 15 ஜிபி வேண்டுமென்றால் அதை முதலில் கழியுங்கள். அவசரத்துக்கு 5 ஜிபியை யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். மீதி 55. மகனுக்கு 22, மகளுக்கு 20, மனைவிக்கு 13 என்று பிரித்தால் மற்ற மூவரும் முழுவதுமாகத் தீர்த்தாலும் உங்கள் 15 தப்பிக்கும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மாதக் கடைசியில் யாருக்காவது தேவைப்பட்டால் அந்த ஐந்திலிருந்து கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம்.

சில பிளான்களில் ஒவ்வொரு ஆட்-ஆன் சிம்முக்கும் சின்னதாக ஒரு சொந்த டேட்டா உண்டு. அப்படி இருந்தால் எது முதலில் கழிகிறது, லிமிட் எதற்குப் பொருந்துகிறது என்று பிளான் விவரத்தில் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

லிமிட்டை நிறுவனத்தின் ஆப்பில், மெயின் நம்பரில் லாகின் செய்து போடுவதே சரி. அது நெட்வொர்க் பக்கத்திலேயே தடுக்கும். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் Data warning & limit அந்த ஒரு போனை மட்டும்தான் கட்டுப்படுத்தும்; பையன் உள்ளே போய் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவான். அதோடு போனின் மாதக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் பில் தேதிக்குப் பொருத்தி வைக்க வேண்டும். ஐபோனில் Current Period என்று காட்டுவது தானாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அதை வைத்து வீட்டில் சண்டை போடாதீர்கள்.

நெட் நின்றபோது தீர்ந்தது தொட்டியா, ஒருவரின் லிமிட்டா என்று தெரிந்துகொள்வது எளிது. ஒரே போன் மட்டும் திணறினால் அவருடைய லிமிட். நாலும் ஒன்றாகத் திணறினால் தொட்டி. சில பிளான்கள் அடியோடு நிறுத்தும், சில வேகத்தை மட்டும் குறைக்கும். 64 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், ஆனால் ஒரு எம்பி போட்டோ போய்ச்சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'நெட் வருது, ஆனா வரல' என்று வீட்டில் யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு குழப்பமும் வரும்: ஆப்பில் கொஞ்சம் மிச்சம் காட்டும், ஆனால் உங்கள் போனில் நெட் வராது. நெட்வொர்க் டேட்டாவை ஒவ்வொரு பைட்டாக எண்ணுவதில்லை. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு சிம்முக்கும் ஒரு துண்டு ஒதுக்கி, அது தீர்ந்ததும் அடுத்த துண்டு கொடுக்கிறது. தொட்டி வற்றும் நேரத்தில் கடைசித் துண்டு, சும்மா மேசையில் கிடக்கும் மகளின் போனிடம் மாட்டியிருக்கலாம். அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தால் இணைப்பு முடிந்து, பயன்படாத துண்டு பெரும்பாலும் திரும்பிவிடும். ஆப்பில் தெரியும் எண் சற்றுத் தாமதமாக மாறுவதற்கும் இதுவே ஒரு காரணம். அதனால் 80 சதவீத எச்சரிக்கை வந்ததுமே கவனியுங்கள், 100 வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

புது லிமிட் போட்ட பிறகும் ஒரு சிம் மட்டும் வேகமாகத் தீர்ந்தால், அந்தப் போனில் ஹாட்ஸ்பாட் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். லேப்டாப் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். ஐபோனாக இருந்தால் Wi-Fi Assist-ஐயும் அணையுங்கள்; வீட்டு வைஃபை சற்று பலவீனமானாலே அது சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும்.