பிரெஞ்சு மேனுவல் போஸ்ட் எடிட்டிங்: எங்க உஷாரா இருக்கணும்?

கேள்வி: ஒரு பம்ப் மேனுவல பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு மெஷின் மாத்தி குடுத்திருக்கு, திருத்தும்போது எந்த மாதிரி தப்ப தேடணும்?

இங்கிலீஷ மட்டும் படிச்சு திருத்தாதீங்க, இப்பல்லாம் மெஷின் வாக்கியம் வழவழன்னு வருது, தப்பு அர்த்தத்துல ஒளிஞ்சிருக்கும். நான் முதல்ல தேடுறது பிரெஞ்சுல ஜோடியா வர்ற 'நெ... கெ'. வெறும் 'நெ' பாத்தா 'இல்லை' மாதிரி தெரியும், ஆனா பின்னாடி 'கெ' வந்தா 'மட்டும்'னு அர்த்தம். 'பம்ப் நின்னிருந்தா மட்டும் மூடிய கழட்டு'ன்னு இருக்கறதுல அந்த 'கெ'ய மெஷின் கோட்டை விட்டா 'பம்ப் நின்னிருந்தா மூடிய கழட்டாதே'ன்னு தலைகீழாயிடும், ஆளு கை போயிடும் சார்.

அடுத்தது இங்கிலீஷ் வார்த்தை மாதிரியே ஒலிக்கிற, ஆனா அர்த்தம் வேற இருக்கற பிரெஞ்சு வார்த்தைங்க. 'கோந்த்ரோலே'ன்னா மேனுவல்ல பெரும்பாலும் 'செக் பண்ணு'தான், அத 'கன்ட்ரோல்'னு விட்டா ஆயில் லெவல எப்படி கன்ட்ரோல் பண்றதுன்னு மெக்கானிக் முழிப்பாரு. 'எவாந்துவெல்'னு ஒண்ணு, அத 'ஈவென்ச்சுவல்'னு மாத்திட்டா 'கசிவு ஏதாச்சும் இருந்தா'ங்கறது 'கடைசில வரப்போற கசிவு'ன்னு ஆயிடும்.

நம்பர தனியா ஒரு ரவுண்டு பாருங்க. பிரெஞ்சுல தசமப் புள்ளிக்கு பதிலா கமா, அதனால 1,250 மி.மீ.ன்னா ஒண்ணேகால் மி.மீ., கமா அப்படியே இங்கிலீஷுக்கு வந்துட்டா ஆயிரத்து இருநூத்தம்பதுன்னு படிப்பாங்க. ஸ்பெல் செக் இதுல எதையும் புடிக்காது.